பச்சைச் சேலை அரக்கு ஆன கதை
கல்யாணப் பத்திரிகைக்காக ஜோடியின் உடை நிறத்தை மாற்றும்போது என்ன நடக்கிறது?

"தம்பி, கார்டு அரக்கு கலர். போட்டோவுல பொண்ணு கிளிப்பச்சைச் சேலை. ரெண்டும் ஒட்டவே மாட்டேங்குதே. சேலையை மட்டும் அரக்கா மாத்திடலாமா?"

முகூர்த்த மாதம் நெருங்கும்போது, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பத்திரிகை வடிவமைக்கும் கடைகளிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் இந்தக் கேள்வி வராத நாள் குறைவு. கேட்பவர் பெரும்பாலும் பெண்ணின் சித்தியாகவோ, மாப்பிள்ளையின் அக்காவாகவோ இருப்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் இளைஞர், "மாத்திடலாம்க்கா, அஞ்சு நிமிஷம்" என்பார்.

அந்த அஞ்சு நிமிஷ வேலைதான் பல பத்திரிகைகளில் பல்லிளிக்கிறது. தோளைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். ஜரிகை ஊதாவாகும். தாடைக்குக் கீழே பச்சை படிந்து, பெண்ணுக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றும். ஒழுங்காகச் செய்தால் இது ஒன்றரை, இரண்டு மணி நேர வேலை. எங்கே தப்பும், தப்பியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரிந்து வைத்துக்கொண்டால், கடையில் உட்கார்ந்து திருத்தச் சொல்லும் உங்களுக்கும் அது கைகொடுக்கும்.

கார்டை மாற்ற முடியாதா?

'சேலைக்கு ஏற்ற மாதிரி கார்டை மாற்றிவிட்டுப் போகலாமே' என்று தோன்றலாம். சில சமயம் அதுதான் சரி. ஆனால், கல்யாணப் பத்திரிகையின் அட்டை பெரும்பாலும் ஏற்கெனவே அச்சாகி, தங்க நிறத் தகடு ஒட்டி, தயாராக வந்துவிடும் சரக்கு. பக்கத்திலேயே சிவகாசி இருப்பதால், கடையில் ஆல்பத்தைப் புரட்டி எண் சொன்னால் போதும். உள்ளூரில் அடிப்பது பெயர்களும், தேதியும், ஜோடியின் படமும்தான். அட்டையின் அரக்கு நிறம் முடிவான விஷயம். மாற வேண்டியது படம்தான்.

படத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. முகூர்த்தப் பட்டு இன்னும் எடுத்திருக்க மாட்டார்கள். எடுத்திருந்தாலும் கட்டிப் படம் பிடித்திருக்க மாட்டார்கள். கையில் இருப்பது நிச்சயதார்த்தத்தில் எடுத்த படம் மட்டுமே. அதில் யார் என்ன உடுத்தியிருந்தார்களோ அதுதான்.

எடுத்துக்காட்டாக ஒரு ஜோடியை வைத்துக்கொள்வோம். திருச்சுழிப் பக்கத்துப் பெண், அருப்புக்கோட்டை மாப்பிள்ளை. பெண் கட்டியிருப்பது கிளிப்பச்சைப் பட்டு. தங்க ஜரிகைக் கரை. மாப்பிள்ளை சந்தன நிறச் சட்டை, வெள்ளை வேட்டி. அட்டை அரக்கும் தங்கமும். இந்த ஜோடியை வைத்தே வேலையை முழுதாகப் பார்த்துவிடலாம்.

முதலில் நல்ல படம்

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததை வைத்து இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. அப்படி அனுப்பும்போது படம் சுருங்கிவிடும். நீளப் பக்கம் 1600 புள்ளி அளவுக்கு வந்துவிட்டால், அச்சுக்கு வேண்டிய ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 5 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். 5-க்கு 7 அங்குலப் பத்திரிகையை முழுதாக நிரப்ப 1500-க்கு 2100 புள்ளி வேண்டும்.

அளவைவிடப் பெரிய தொல்லை வேறொன்று. படத்தைச் சுருக்கும் முறை, வெளிச்ச விவரத்தைக் காப்பாற்றிக்கொண்டு, நிற விவரத்தைத்தான் முதலில் குறைக்கும். நம் கண் அதைக் கவனிக்காது என்பதால் சாதாரணமாகப் பார்க்கும்போது குறை தெரியாது. ஆனால், சேலையின் பச்சை நிறம், பக்கத்தில் இருக்கும் கைக்குள்ளும் கரைக்குள்ளும் ஒன்றிரண்டு புள்ளி கசிந்திருக்கும். நிறத்தை மாற்றியதும் அந்தக் கசிவு கட்டம் கட்டமாக வெளியே வரும். அதனால் போட்டோகிராபரிடம் மூலப் படத்தைக் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பிலேயே வாங்க வேண்டுமென்றால் Document ஆக அனுப்பச் சொன்னால், படம் சுருங்காமல் வரும்.

வெட்டுவது: கத்தரியும் வேண்டும், சீப்பும் வேண்டும்

அடுத்தது, ஜோடியைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பது. இன்றைய ஃபோட்டோஷாப்பில் Select Subject என்ற ஒரு பொத்தானே பாதி வேலையை முடித்துவிடும். மீதிப் பாதியில்தான் படம் நிற்பதும் விழுவதும்.

துணியின் ஓரம் வேறு, தலைமுடியின் ஓரம் வேறு. சட்டைத் தோள், வேட்டியின் விளிம்பு, சேலைக் கொசுவம் எல்லாம் தெளிவான கோடுகள். இவற்றுக்கு Pen Tool எடுத்து, விளிம்புக்கு ஒரு புள்ளி உள்ளே கோடு போட வேண்டும். விளிம்பிலேயே போட்டால் பின்னணியின் நிறமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். கோட்டைத் தேர்வாக மாற்றும்போது Feather Radius அரைப் புள்ளி, அதாவது 0.5 கொடுத்தால் போதும். பூஜ்யம் கொடுத்தால் கத்தரியால் வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். 3, 4 கொடுத்தால் உடம்பைச் சுற்றிப் புகை கிளம்பும்.

கூந்தல், நெற்றியோரத்துச் சிறு முடி, தொங்கும் மல்லிகைச் சரம் இவற்றுக்கெல்லாம் கோடு போட்டால் பெண் தலையில் தொப்பி மாட்டியது போலாகிவிடும். அங்கே Select and Mask உள்ளே போய், Refine Edge Brush-ஆல் முடியின் ஓரத்தை மட்டும் தடவ வேண்டும். முடியில் பழைய பின்னணியின் நிறம் ஒட்டியிருந்தால் அங்கேயே Decontaminate Colors உதவும். ஆனால், அது முடிக்கு மட்டும்தான். படம் முழுவதும் போட்டால் சேலைக் கரையின் நிறத்தையும் கெடுத்துவிடும்.

பெரும்பாலானவர்கள் மறக்கும் இடம், உள்ளே இருக்கும் ஓட்டைகள். இடுப்பில் வைத்த கைக்கும் உடம்புக்கும் நடுவே, ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவே, ஜோடி கைகோத்து நிற்கும்போது இருவருக்கும் நடுவே தெரியும் முக்கோணம். அங்கெல்லாம் பழைய மண்டபத்தின் சுவரோ, கண்மாய்க் கரையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வெட்டியது சரியா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஜோடிக்குக் கீழே ஒரே நிறத்தில் ஒரு லேயர் போடுங்கள். முதலில் கறுப்பு, பிறகு வெள்ளை, பிறகு அட்டையின் அரக்கு. கறுப்பில் வெள்ளைக் கோடு காட்டிக்கொடுக்கும். வெள்ளையில் கறுப்பு அழுக்கு தெரியும். மூன்றிலும் தேறினால்தான் வெட்டு சுத்தம். இதை 200 சதவிகிதம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கைபேசித் திரையில் பார்த்து 'சூப்பர்' என்று சொல்வது சோதனை ஆகாது.

இன்னொன்று: அழிப்பானைத் தொடக்கூடாது. Layer Mask போட்டு மறைக்கத்தான் வேண்டும். அழித்தால் போனது போனதுதான். மறைத்தால் நாளைக்குக்கூடத் திரும்ப எடுக்கலாம். இது ஏன் முக்கியம் என்பது கடைசியில் தெரியும்.

பச்சை எப்படி ரோஸ் ஆனது?

கம்ப்யூட்டர், நிறங்களை ஒரு வட்டமாக வைத்திருக்கிறது. சிவப்பு 0 பாகை. அங்கிருந்து நகர்ந்தால் 60-ல் மஞ்சள், 120-ல் பச்சை, 240-ல் நீலம், 300-ஐ ஒட்டி ஊதாவும் மெஜந்தாவும். மறுபடி 360-ல் சிவப்பு. Hue/Saturation என்ற கருவியில் Hue முள்ளை நகர்த்துவது இந்த வட்டத்தைச் சுழற்றுவதுதான்.

நம் சேலையின் பச்சை சுமார் 110-ல் இருக்கிறது. அரக்கு 350-ஐ ஒட்டியது. முள்ளை −120-க்கு இழுத்தால் 110 பின்னால் போய், பூஜ்யத்தைத் தாண்டி, 350-ல் வந்து நிற்கும். கணக்கு சரி. ஆனால், திரையில் வருவது அரக்கு அல்ல, பளிச்சென்ற ரோஸ்.

காரணம் எளிது. சுழன்றது நிறம் மட்டும்தான். கிளிப்பச்சை வெளிச்சமான நிறம். அரக்கு இருண்ட நிறம். வெளிச்சம் அப்படியே இருக்க நிறம் மட்டும் சிவப்புப் பக்கம் வந்தால் ரோஸ்தான் கிடைக்கும். அதனால், மேலே Curves என்ற இன்னொரு லேயர் போட்டு நடுத்தர வெளிச்சத்தை இறக்க வேண்டும். 128-ல் இருக்கும் புள்ளியை 90-க்கு இறக்கினால் ரோஸ் மெல்ல அரக்காகும்.

இதிலும் ஒரு எல்லை உண்டு. வளைவின் மேல் முனையைத் தொடக்கூடாது. பட்டின் பளபளப்பு அந்த மேல் முனை வெளிச்சத்தில்தான் இருக்கிறது. அதையும் சேர்த்து இறக்கினால் பட்டு, காடாத் துணி போலாகிவிடும். கீழ் முனையையும் அழுத்தக்கூடாது. அழுத்தினால் கொசுவ மடிப்புகளின் நிழல் கெட்டிக் கறுப்பாகி, மடிப்பே காணாமல் போகும். கொசுவத்தை எண்ண முடிகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

வெளிச்சமும் நிழலும் படத்திலிருந்தே வர வேண்டும், நிறம் மட்டும் மேலே உட்கார வேண்டும் என்பது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த விதி அல்ல. கறுப்பு வெள்ளைப் படங்களின் காலத்தில், ஸ்டுடியோக்களில் கல்யாணப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியவர்களும் இதைத்தான் செய்தார்கள். ஊடுருவித் தெரியும் வண்ணத்தை மெல்லிசாகப் பூசுவார்கள். கீழே இருக்கும் படத்தின் நிழல்தான் சேலையின் மடிப்பைக் காட்டும். கெட்டி வண்ணம் பூசினால் அது படம் அல்ல, சுவர் விளம்பரம்.

பாட்டி கேட்ட கேள்வி

சரி, ரோஸ் போய் அரக்கு வந்துவிட்டது. இப்போது படத்தைப் பார்க்கும் சித்திக்குத் திருப்தி. ஆனால், கூட வந்த பாட்டியை நினைத்துப் பாருங்கள். அருப்புக்கோட்டை, நெசவு ஊர். தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் துணியைப் பார்க்கும் கண்ணே வேறு.

"ஏப்பா, இதுல மடிப்போரம் எல்லாம் ஊதா அடிக்குதே. அரக்குச் சேலைக்கு எவன்ப்பா ஊதாப் பாவு போட்டான்?"

அவர் பிடித்தது சரியான இடம். கிளிப்பச்சைப் பட்டில் பல, இரட்டை நிறத் துணிகள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மஞ்சளாகவும், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சையாகவும் இருக்கும். நேராகப் பார்த்தால் பச்சை. மடிப்பு திரும்பும் இடத்தில் மஞ்சள் மின்னும். மயில் கழுத்துச் சேலையில் நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரிவதும் இதே சங்கதிதான்.

முள்ளை ஒரேயடியாக −120 இழுத்தபோது, பச்சை மட்டுமா சுழன்றது? மடிப்போரத்தின் மஞ்சளும் சேர்ந்து சுழன்றது. 60-ல் இருந்த மஞ்சள் 300-க்குப் போய்விட்டது. ஊதா வந்தது அப்படித்தான். 45-ஐ ஒட்டி இருக்கும் தங்க ஜரிகையும் 285-க்குப் போய்க் கத்தரிப்பூ நிறமாகியிருக்கும்.

இதற்குச் சில கடைகளில் குறுக்கு வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். Colorize என்ற பெட்டியில் ஒரு டிக் போட்டால், எல்லா நிறமும் ஒரே நிறமாகிவிடும். ஊதா போய்விடும். கூடவே பாவும் ஊடையும் போய்விடும். பட்டு, ஒற்றை நிறப் பாலியஸ்டராகிவிடும். பாட்டியின் அடுத்த கேள்வி, "இது பட்டா, நைலக்ஸா?" என்பதாக இருக்கும்.

சரியான வழி, இரண்டு நிறத்தையும் தனித்தனியே நகர்த்துவது. அதற்கு முன், முதல் வேலையாக ஜரிகையைப் பிரித்து வைக்க வேண்டும். Select மெனுவில் Color Range திறந்து, கரையில் ஜரிகையைத் தொட்டு, Fuzziness 40-ஐ ஒட்டி வைத்தால், தங்க இழைகள் மட்டும் தேர்வாகும். அந்தத் தேர்வைச் சேலையின் மாஸ்க்கில் கறுப்பால் நிரப்பினால், இனி எந்த முள்ளை இழுத்தாலும் ஜரிகை தங்கமாகவே இருக்கும். மடிப்போரத்து மஞ்சளும் கொஞ்சம் சேர்ந்து தேர்வாகியிருந்தால், அந்த இடத்தில் வெள்ளை பிரஷ்ஷால் தடவித் திரும்பக் கொடுத்துவிட வேண்டும்.

பிறகு, Hue/Saturation பெட்டியின் மேலே Master என்று இருப்பதை விட்டுவிட்டு, பட்டியலைத் திறந்து Greens தேர்ந்தெடுத்து Hue −120. அடுத்து Yellows தேர்ந்தெடுத்து Hue −40. இப்போது பச்சை 350-க்குப் போய் அரக்காகிறது. மடிப்போரத்து மஞ்சள் 20-க்குப் போய் செம்பு நிறமாகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நிறங்கள் தாமாகவே நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அரக்கு ஊடைக்குச் செம்பு நிறப் பாவு, தறியில் உண்மையாகவே ஓடக்கூடிய சேர்க்கை. நெசவு தெரிந்த கண்ணும் அதை ஒப்புக்கொள்ளும்.

ரவிக்கை, கரை, உடல், முந்தானை ஒவ்வொன்றுக்கும் தனி மாஸ்க் இருப்பது நல்லது. கரை வேறு நிறமென்றால் அதற்குக் கணக்கும் வேறு. சேலை மேல் கை வைத்திருக்கும் இடத்தில் மாஸ்க் விரல் மேல் ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தோலின் நிறம் வட்டத்தில் மஞ்சளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. Yellows நகரும்போது மாஸ்க் தப்பினால், விரல் நுனிகள் சிவந்துபோய் மருதாணி வைத்த மாதிரி ஆகிவிடும்.

வெள்ளைக்கு நிறமே கிடையாது

இப்போது மாப்பிள்ளை. வேட்டியின் மேல் Hue முள்ளை எவ்வளவு இழுத்தாலும் எதுவும் நடக்காது. வெள்ளைக்கு அந்த வட்டத்தில் இடமே இல்லை; சுழற்ற நிறம் இருந்தால்தானே சுழலும். வேட்டியை மாற்ற வேண்டியதும் இல்லை. கரையை மட்டும் அட்டைக்குப் பொருத்தமாக அரக்காக்கினால் போதும்.

சந்தன நிறச் சட்டையையும் வெறும் முள்ளால் அரக்காக்க முடியாது. அது அவ்வளவு வெளிறிய நிறம். அதற்கு அரக்கு நிறத்தில் ஒரு Solid Color லேயர் போட்டு, அதன் முறையை Multiply என்று மாற்றி, சட்டையின் மாஸ்க்குக்குள் அடக்க வேண்டும். Multiply, கீழே இருப்பதை இருட்டாக்கிக்கொண்டே நிறமேற்றும். சட்டையின் மடிப்பு நிழல்கள் அப்படியே நிற்கும்.

வெளிறியதிலிருந்து இருண்டதற்குப் போவது எப்போதும் சுலபம். எதிர்த்திசைதான் கஷ்டம். மாப்பிள்ளை கறுப்புச் சட்டை போட்டிருந்து, அதைச் சந்தன நிறமாக்கச் சொன்னால், கறுப்பில் மடிப்பின் விவரமே பதிவாகியிருக்காது. இல்லாததை வெளுக்க முடியாது; வெளுத்தால் புள்ளி புள்ளியாகக் குருணைதான் வரும். அப்படிப்பட்ட படத்துக்கு, "வேறு படம் கொடுங்க" என்று சொல்லும் கடைக்காரர்தான் நல்ல கடைக்காரர்.

முகத்தில் ஒட்டிய பச்சை

எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, பெண்ணின் முகத்தை ஒருமுறை பாருங்கள். தாடைக்கு அடியில், கையின் உட்பக்கத்தில், லேசான பச்சை. வெயிலில் நின்று எடுத்த படமென்றால் இன்னும் அதிகம். பளிச்சென்ற பட்டின் மேல் விழுந்த வெயில், அந்தப் பச்சையைத் தாடையின் மேல் எதிரொளித்திருக்கும். பெண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வேட்டியின் ஓரத்திலும் அது படிந்திருக்கும்.

சேலை பச்சையாக இருந்தவரை அது உறுத்தவில்லை. சேலை அரக்கானதும், 'இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது' என்று கண் தேடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. 'ஏதோ ஒட்ட வைத்த மாதிரி இருக்கே' என்று மட்டும் தோன்றும்.

சரிசெய்ய, மேலே காலி லேயர் ஒன்று போட்டு, அதன் முறையை Color என்று வைத்து, மிருதுவான பிரஷ்ஷின் Opacity-யை 10, 15 சதவிகிதத்துக்குக் குறைத்து, அதே பெண்ணின் கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து, தாடைக்கு அடியில் மெல்லத் தடவ வேண்டும். வேட்டியின் ஓரத்துக்கு நிறத்தைக் குறைத்தாலே போதும்.

இங்கேதான் கை நீளும் ஆபத்து உண்டு. முகத்தில் பிரஷ் வைத்தாயிற்றே, அப்படியே கொஞ்சம் வெளுத்தும் விடலாம் என்று பலருக்கும் தோன்றுகிறது. கேட்காமலேயே செய்துவிடுகிறார்கள். கன்னம் வெளுத்து, கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே நிற்கும். படத்தில் இருப்பவளைப் பெண்ணுக்கே அடையாளம் தெரியாது. கன்னத்திலிருந்து எடுத்த நிறம் அந்தக் கன்னத்தின் நிறமாகவே இருக்கட்டும். 'பச்சையை மட்டும் எடுங்க, பொண்ணோட நிறத்தைத் தொடாதீங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

திரையில் ஒன்று, காகிதத்தில் ஒன்று

திரை தன் ஒளியால் நிறம் காட்டுகிறது. ஆஃப்செட் அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. திரையில் தெரியும் எல்லா நிறமும் மையில் வராது. பளிச்சென்ற கிளிப்பச்சை, ராயல் புளூ, ராணி ரோஸ் மூன்றும் அச்சில் மங்கும். அரக்கு பிழைத்துக்கொள்ளும் நிறம். ஆனாலும் மை கூடினால் பழுப்பாகும். Ctrl+Y அழுத்தினால், அச்சில் ஏறக்குறைய எப்படி வரும் என்று ஃபோட்டோஷாப்பே காட்டும்.

அதைவிட நம்பகமானது, ஒரே ஒரு தாள் அடித்துப் பார்ப்பது. அந்தத் தாளையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைக்கு வெளியே வந்து, பகல் வெளிச்சத்தில் நிழலில் நின்று பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு அரக்கு, வெளியே வந்ததும் இரண்டாகப் பிரிவது சகஜம். சேலைக் கடையில் பட்டு எடுக்கும்போது வாசலுக்குக் கொண்டுவந்து பார்ப்போமே, அதே பழக்கம்தான்.

அட்டையின் தங்க நிறத்தோடு ஜரிகையைப் பொருத்திப் பார்த்து ஏமாற வேண்டாம். அட்டையில் இருப்பது உண்மையில் மின்னும் தகடு. படத்தில் இருப்பது மையின் புள்ளிகள். அது மின்னாது. பொருத்த வேண்டியது அரக்கை மட்டும்தான்.

யார் கொடுத்த சேலை?

தொழில் கணக்கு எல்லாம் சரியாக வந்தபிறகும், ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. நிச்சயதார்த்தச் சேலை பல வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்தது. அந்தக் கிளிப்பச்சையை, மாப்பிள்ளையின் அம்மா நாலு கடை ஏறி இறங்கித் தேடி எடுத்திருக்கலாம். பத்திரிகை கைக்கு வந்ததும் அவர் முதலில் பார்ப்பது தேதியையோ, பெயரையோ அல்ல.

"நாங்க எடுத்துக் குடுத்த சேலை எங்க போச்சு? புடிக்கலைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

கல்யாண வீட்டில் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கே பந்தியில் முகம் திருப்பியவர்கள் உண்டு. பத்திரிகை ஐந்நூறோ ஆயிரமோ அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆனபின், நிறத்தைத் திரும்ப மாற்ற முடியாது. அதனால் அந்த ஒரே ஒரு தாள், அச்சகத்துக்குப் போகுமுன் இரண்டு வீட்டுக்கும் போய் வர வேண்டும். பச்சைப் படத்தையும் அரக்குப் படத்தையும் சேர்த்தே காட்டி, "அட்டைக்காக மாத்தியிருக்கோம் அத்தை, பரவாயில்லையா?" என்று பெண்ணே ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், பெரும்பாலும் அத்தோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால்? அப்போதும் வழி இருக்கிறது. சேலையைப் பச்சையாகவே விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் சட்டையையும் வேட்டிக் கரையையும் மட்டும் அரக்காக வைக்கலாம். பின்னணியிலும் அரக்கும் தங்கமும் கொடுக்கலாம். அரக்குக்குப் பச்சை, பட்டுச் சேலையின் உடலும் கரையுமாகக் காலங்காலமாகச் சேர்ந்து வந்த ஜோடிதான். அட்டையோடு சண்டை போடாது.

இப்படித் திரும்பிப் போக முடிவதற்குக் காரணம், எதையும் அழிக்காமல் மாஸ்க் போட்டு வைத்ததுதான். சேலையின் மேல் இருக்கும் இரண்டு லேயர்களின் கண்ணை மூடினால், கிளிப்பச்சை மறுபடி வந்துவிடும். அதனால் கடையிலிருந்து கிளம்பும்போது, அச்சுக்கான படத்தோடு லேயர்கள் உள்ள PSD கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மண்டப வாசல் ஃப்ளெக்ஸுக்கும் அதுதான் வேண்டியிருக்கும். பத்திரிகைப் படத்தைப் பெரிதாக்கி அடித்தால் முகம் கலங்கிவிடும்.

பத்திரிகையில் இருப்பது அரக்கு. வீட்டுச் சுவரில் மாட்டப்போகும் படத்தில் மட்டும் கிளிப்பச்சையே இருக்கட்டும். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் பீரோவைத் திறந்து அந்தப் பட்டை எடுத்துப் படத்தோடு வைத்துப் பார்த்தால், மடிப்போரத்து மஞ்சள் பாவு உள்பட இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?